திருத்தாமல் திருப்பித் தரவும்

பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை ஏழு வாக்கியங்களில் தமிழாக்கித் தருவதே எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகத்தின் முதல் வேலை. திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இயங்கும் சிறிய அறக்கட்டளை அது. செஞ்சி, வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பங்களின் கைப்பேசிகளுக்கு, ஏறத்தாழ நாலாயிரம் எண்களுக்கு, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையைப் பிடுங்கும் காலம் தொடங்கு முன் ஒரு குரல் செய்தி அனுப்புவது திட்டம். மருத்துவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நான் எம்.ஏ., பி.எட். படித்தவள். பெயர் அமலா. மூன்று மாதத் தற்காலிகப் பணி. திட்ட அலுவலர் ஷாலினி மேடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"உன் தமிழ் நல்லா இருக்குன்னு நான் சொன்னா செல்லாது. வர்ற திங்களுக்கு அடுத்த திங்கட்கிழமைக்குள்ள அது பரிசோதனையில தேறணும். தேறலன்னா சென்னையில ஒரு கம்பெனி இருக்கு, அவங்களுக்குக் கொடுத்துடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அப்புறம் இங்க மொழிபெயர்ப்பாளருன்னு ஒருத்தர் தேவைப்பட மாட்டாங்க."

அந்த ஒருத்தர் நான்தான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

பரிசோதனை இதுதான். நான் எழுதிய தமிழை, ஆங்கில மூலத்தைக் கண்ணாலும் பார்த்திராத வேறொருவர் மறுபடியும் ஆங்கிலத்தில் எழுதுவார். அவருடைய ஆங்கிலத்தையும் மருத்துவர்களின் ஆங்கிலத்தையும் ஒரே அட்டவணையில் பக்கம் பக்கமாக வைத்து மேடம் ஒப்பிடுவார். இரண்டும் ஒன்றையே சொன்னால் என் தமிழ் பொருளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்திருக்கிறது என்று கொள்ளலாம். மாறிச் சொன்னால், வழியில் எங்கோ நான் எதையோ தவறவிட்டிருக்கிறேன். அவரும் நானும் அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. திருப்பி எழுதித் தர விழுப்புரத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மையம் நடத்தும் சுப்புராயன் சார் அமர்த்தப்பட்டிருந்தார்.

நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதானால், முதல் வாக்கியத்துக்கே ஒரு நாள் போயிற்று. கயிறு கட்டாதீர்கள் என்று மூலம் சொன்னது. முன்பின் தெரியாதவர்களை, அதிலும் என்னைவிட மூத்தவர்களை, அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து "கட்டாதீர்கள்" என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, இறுதியில் இவ்வாறு அமைத்தேன்:

"பாம்பு தீண்ட நேரிட்டால், கடிவாய்க்கு மேற்புறம் கயிறு முதலியவற்றால் இறுகக் கட்டுவதைக் கூடுமானவரை தவிர்ப்பது நலம் பயக்கும்."

மற்ற ஆறும் இதே தரத்தில் இருந்தன. மருத்துவமனைக்கு உடனே போங்கள் என்பதை "அருகிலுள்ள அரசு மருத்துவமனையை விரைந்து அணுகுவது சாலச் சிறந்தது" என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

திங்கட்கிழமை சுப்புராயன் சாரின் ஆங்கிலம் மின்னஞ்சலில் வந்தது. ஷாலினி மேடம் அட்டவணையை நிரப்பினார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே "ஒன்றே" என்று எழுதிக்கொண்டே போனார். ஏழு முறை எழுதினார்.

"அமலா, ஏழுக்கு ஏழு! மருத்துவருங்க எழுதினதைவிட இது அழகா இருக்கு!"

அன்று மாலை மேடம் எனக்கு சமோசா வாங்கித் தந்தார்.

புதன்கிழமை அடுத்த கட்டம். கேட்கப் போகிறவர்களுக்கே செய்தியைப் போட்டுக் காட்டி, விளங்கியதை அவர்களின் சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொல்ல வேண்டும். வல்லத்துக்கு அப்பால் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் ஓரம் வேப்பமரத்து நிழலில் மூன்று பெண்கள் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் அனுமதி கேட்டு, கைப்பேசியை நடுவில் வைத்து, நான் வாசித்துப் பதிவு செய்திருந்ததைப் போட்டார். மூவரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"இப்ப கேட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா," என்றார் மேடம்.

நடுவில் இருந்த கெங்கம்மாள் என்ற பெண்மணி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார். "கடிச்சா கட்டணும்."

"கட்டணும்னா சொல்லுது?"

"பின்ன? இறுக்கிக் கட்டக் கூடாதுன்னுது. கொஞ்சம் தொளதொளன்னு கட்டணும்."

"அது இல்லக்கா," என்றார் பக்கத்தில் இருந்த அம்சா. "கூடுமானவரைக்கும்னு சொல்லிச்சே, நீ கேக்கல? கையில கயிறு இருந்தா கட்டு. இல்லன்னா அதுக்காக அலைஞ்சிக்கினு இருக்காத. அதான்."

மூன்றாமவர் வெட்கப்பட்டார். மேடம் வற்புறுத்தவே, "எனக்கு ஒண்ணும் புரியலைங்க. யாரோ கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருந்துச்சி," என்றார்.

"ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன சொல்லிச்சி?"

"அங்க நல்ல டாக்டருங்க இருக்காங்களாம்," என்றார் கெங்கம்மாள். "தோதுப்பட்டா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்கன்னுது. ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். இது பேசி முடிக்கறதுக்குள்ள விஷம் தலைக்கு ஏறிடாது?"

அம்சா சிரித்ததில் புரையேறிவிட்டது. கெங்கம்மாள் அவர் முதுகில் தட்டிக்கொண்டே, "சாப்பிடறப்ப சிரிக்காதடி, அப்புறம் இதுக்கும் ஒரு சேதி அனுப்பப் போறாங்க," என்றார்.

திரும்பும் வழியில் வண்டியில், அந்தப் பெண்கள் கவனித்துக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

"மூணு பேரும் கவனிக்காமப் போனாங்களா?" என்றார் மேடம். "உன் தமிழ்ல தப்பு இருந்தா அது அட்டவணையில தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு கூடத் தெரியல. அப்ப அட்டவணையில ஏதோ தப்பு."

அலுவலகம் சேர்ந்ததும் அவரே கணினியில் உட்கார்ந்து ஏழு புதிய தமிழ் வாக்கியங்களைத் தட்டினார். எட்டிப் பார்த்த எனக்கு மயக்கம் வராத குறை. நான்கு சரியானவை. மூன்று வேண்டுமென்றே தவறானவை. அவற்றில் ஒன்று, கடிபட்டவரை வேகமாக ஓடச் சொல்லவும் என்றது. இன்னொன்று: "கடித்த இடத்தில் முதலில் தேங்காய்ச் சட்னி தடவவும்."

"மேடம்!"

"இது அந்த சாருக்கு மட்டும்தான். தப்பித் தவறி வேற யாரு போனுக்கும் போகக்கூடாது. அனுப்பிட்டு அழிச்சிடு. ஒரு நல்ல திருப்பி மொழிபெயர்ப்பாளர் இதை என்ன பண்ணணும்? சட்னின்னு இருந்தா சட்னின்னு எழுதணும். பாக்கலாம்."

இரண்டு மணி நேரத்தில் பதில் வந்தது. ஆங்கிலம் சொக்கத் தங்கம். ஓட்டத்துக்கு எதிரே, நோயாளியை எக்காரணம் கொண்டும் ஓட விடலாகாது என்ற பொருளில் ஒரு வாக்கியம். சட்னிக்கு எதிரே, சமையலறையில் அரைத்ததாயினும் வைத்தியர் அரைத்ததாயினும் எவ்விதப் பூச்சும் தடவலாகாது என்ற பொருளில் ஒன்று. மூன்றையும் சந்தேகத்துக்கு இடமின்றி நேர்ப்படுத்தியிருந்தார். எங்கும் ஒரு குறிப்போ கேள்வியோ இல்லை.

ஷாலினி மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இவருக்கு வெத்துத் தாளைக் கொடுத்தாலும் நல்ல இங்கிலீஷ் வந்துடும் போல. உன் தமிழ் தேறவே இல்ல, அமலா. அவரு உன்னைத் தேத்தி விட்டிருக்காரு."

சமோசாவை நினைத்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

நான் செய்தியைத் திருத்தி எழுத வேண்டும் என்பது தெளிவு. ஆனால் எப்படித் திருத்தினாலும் அவர் கைக்குப் போனால் ஏழுக்கு ஏழுதான் வரும்; நான் சரியாக எழுதினேனா என்பது யாருக்கும் தெரியப் போவதில்லை. அவரிடம் யாராவது நேரில் சொல்லியாக வேண்டும். மேடத்துக்கு வெள்ளிக்கிழமை சென்னையில் கூட்டம்.

"நீ போய்ச் சொல்லிட்டு வா."

"நாங்க ரெண்டு பேரும் பேசக்கூடாதுங்களே மேடம்."

"பாம்பைப் பத்திப் பேசாத. வேலை செய்யற முறையைப் பத்திப் பேசு. எழுதியிருக்கிறதை மட்டும் எழுதுங்க, தப்பைத் திருத்தாதீங்க. இதுதான் விஷயம். ரெண்டே வரி."

ரெண்டே வரி என்று மேடம் சொன்னதை, விழுப்புரம் போகும் பேருந்தில் நான் மனத்துக்குள் இருபது வரியாக்கிக்கொண்டேன்.

பயிற்சி மையம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு கண்ணாடிக் கடையின் மேலே இருந்தது. வாசல் மேசையில் சேர்க்கைப் படிவங்களை அடுக்கிக்கொண்டு சாரின் மனைவி தேவகி மேடம் உட்கார்ந்திருந்தார். வகுப்பு இல்லாத நேரம். சார் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. நான் யாரென்று தெரிந்ததும் அவரே நாற்காலியை எடுத்துப் போட்டார். அந்த மரியாதையில் என் இருபது வரியும் நாற்பதாகிவிட்டன.

"சார், உங்க ஆங்கிலத்தைப் பார்த்து எங்க ஆபீஸ்ல எல்லாருமே வியந்து போயிட்டோங்க. அதுல மாத்துக் கருத்தே இல்லைங்க. சில இடத்துல, எங்க தமிழ்ல இருக்கிறதைவிடவே சிறப்பா அமைஞ்சிடுதுங்க. அந்த அளவுக்கு எங்க தமிழுக்குத் தகுதி இருக்கான்னு எங்களுக்கே ஒரு சின்னத் தயக்கம். அதனால, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, இனிமே வர்றதை, இன்னும் கொஞ்சம், எப்படிச் சொல்றதுங்க, தமிழுக்குப் பக்கத்துலயே நின்னு..."

"புரியுதும்மா," என்றார் சார். முகம் மலர்ந்திருந்தது. "நல்லா புரியுது."

என் வேலை முடிந்தது என்ற நிம்மதியில் கைப்பையை எடுத்தேன். அப்போது மேசையிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே, தேவகி மேடம் கேட்டார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

"என் இங்கிலீஷ் பிரமாதமாம். ஜனங்களுக்குப் புரியற மாதிரி இன்னும் கொஞ்சம் எளிமையாக்கித் தரணுமாம். எனக்குச் சிரமம் கொடுக்கறோமேன்னு வேற வருத்தப்படுது. தங்கமான பொண்ணு."

தேவகி மேடம் இப்போது நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அதுதான் நீ சொன்னதா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்குவது மிகவும் எளிது. கீழே திண்டிவனம் பேருந்து நடத்துனரின் கூவல் கேட்டது. ஆனால் திங்கட்கிழமை வரை இடையில் இரண்டு நாள்தான் இருந்தது. சென்னைக் கம்பெனிக்காரர்களுக்குக் கெங்கம்மாள் யாரென்றுகூடத் தெரியாது.

"இல்லைங்க," என்றேன்.

"பின்ன இன்னாத்தான் சொல்ல வந்த?"

"சார் தப்பைத் திருத்தறாருங்க. திருத்தக் கூடாதுங்க."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். முழுசாக ஐந்தே சொல்லில் நான் ஒரு பெரியவரைப் பார்த்து ஒன்றைச் சொன்னது அதுவே முதல் முறை.

சார் துடைப்பானைக் கீழே வைத்தார். "திருத்தக் கூடாதா?"

"ஆமாங்க சார்."

"போன தடவை தேங்காய்ச் சட்னின்னு ஒண்ணு வந்துச்சி. அதையுமா?"

"இன்னா சட்னி?" என்றார் தேவகி மேடம்.

"அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க," என்று அவரைக் கெஞ்சிவிட்டு, சாரிடம் திரும்பினேன். "ஆமாங்க சார். சட்னின்னு இருந்தா சட்னின்னே வரணும்."

"நான் எழுதினதுன்னு என் பேரு போட்டுப் போகுதும்மா அது. படிக்கறவன் என்னைப் பத்தி இன்னா நினைப்பான்?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் நினைக்க மாட்டாங்க சார். என்னைப் பத்தித்தான் நினைப்பாங்க. நான் எங்க தப்புப் பண்ணேன்னு கண்டுபிடிக்கறதுக்குத்தான் சார் இந்த வேலையே. நீங்க சரி பண்ணிட்டா, தப்பு என் தமிழ்லயே தங்கிடுது. போன்ல கேக்கறவங்களுக்கு உங்க இங்கிலீஷ் போகாதுங்க. என் தமிழ்தான் போகும்."

அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்று எண்ணி நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

"சரி. பழகிப் பாக்கறேன். தேவகி, ஏதாவது ஒரு தப்பான வாக்கியம் சொல்லு."

"விழுப்புரத்துல ரயிலு கடல் மேல நிக்கும்," என்றார் தேவகி மேடம் உடனே, காத்திருந்தவரைப் போல.

சார் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். எழுதி முடித்து நகர்ந்து நின்றார். ரயில் விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது.

"கடல் எங்கங்க?"

"கடலா? விழுப்புரத்துல ஏதுடி கடல்?"

அழித்தார். மறுபடி எழுதினார். இம்முறை ரயில் விழுப்புரத்தைக் கடந்து கடற்கரை நோக்கிச் செல்லும் என்று வந்தது. மூன்றாம் முறை கடலை எழுதத் தொடங்கியபோது சாக்பீஸ் ஒடிந்துவிட்டது.

"என்னால ஆவாதுடி," என்றார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "இருபத்திரண்டு வருஷமா இந்தக் கை திருத்திக்கினே இருக்குது. சும்மா இருன்னா இருக்குமா?"

"கை மட்டுமா?" என்றார் தேவகி மேடம். "நேத்து இட்லிக்காரர் கணக்கு நோட்டுல எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்துட்டு வந்தவரு இவரு." பிறகு என்னிடம், "எழுதியிருக்கறதை அப்படியே எழுதணும். அவ்வளவுதான? நான் எழுதறேன். எம்.ஏ. இங்கிலீஷ்ல எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். இவருக்கு செகண்ட்."

"அதை இப்ப எதுக்குச் சொல்ற?"

"தகுதி கேப்பாங்கல்ல?"

"அந்தப் பொண்ணு கேக்கவே இல்லையே!"

நான் ஷாலினி மேடத்தைக் கைப்பேசியில் அழைத்தேன். கூட்டத்தின் நடுவில் தாழ்ந்த குரலில் மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த அம்மா மூலத்தையோ, சார் எழுதியதையோ பார்த்திருக்கிறாரா? நான் தேவகி மேடத்திடம் கேட்டேன்.

"இவரு எழுதறதை எல்லாம் உக்காந்து படிக்கறதுக்கு எனக்கு நேரம் ஏது?"

"இனிமேலும் பார்க்கக் கூடாதுங்க. சாரும் இதைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்க."

"ஒரு வார்த்தை கூடவா?" என்றார் சார்.

"இருபது வருஷமா இவரை நிறுத்தப் பாத்துக்கினு இருக்கேன்," என்றார் தேவகி மேடம். "நீ ஒரே நாளுல நிறுத்திட்ட. வா, காபி சாப்பிட்டுட்டுப் போ."

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தேவகி மேடம் செய்ததை நினைத்துக்கொண்டே வந்தேன். நான் பேசியதை அவர் தம் கணவரின் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்டார், அவ்வளவுதான். நான் சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று என்பது அந்த இடத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. அதற்கு அட்டவணைகூடத் தேவைப்படவில்லை. கயிறு கட்டுவது பற்றி நான் கெங்கம்மாளுக்குச் சொன்னதும், திருத்துவது பற்றி சாரிடம் சொன்னதும் ஒரே பேச்சுத்தான். இரண்டு பேருக்குமே, கூடாது என்று நான் சொன்னது போய்ச் சேரவே இல்லை.

குறிப்பேட்டை மடியில் வைத்து எழுதினேன்: "பாம்பு கடிச்சா கயிறு கட்டாதீங்க." விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தயவுசெய்து" என்று முன்னால் சேர்த்தேன். அடித்தேன். கடித்த இடத்தைக் கீறாதீங்க. வாய் வச்சு உறிஞ்சாதீங்க. பாம்பைத் தேடிப் போகாதீங்க. ஒவ்வொன்றையும் எழுதும்போது யாரோ ஒரு பெரியவர் முன்னால் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு. திண்டிவனம் மேம்பாலம் தெரிந்தபோது ஏழும் முடிந்திருந்தன. அன்றே தேவகி மேடத்துக்கு அனுப்பினேன்.

சனிக்கிழமை காலை அவருடைய ஆங்கிலம் வாட்ஸாப்பில் வந்தது. சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய ஏழு வரிகளின் படம். அலங்காரம் ஏதும் இல்லை. ஷாலினி மேடம் அட்டவணையைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்; உட்காரும் நிலையில் நான் இல்லை.

ஒன்றே. ஒன்றே. ஒன்றே. ஒன்றே.

ஐந்தாம் வரியில் மேடத்தின் விரல் நின்றது. கடிபட்ட உறுப்பை, அது கையானாலும் காலானாலும், அசைக்காமல் வையுங்கள் என்பது மருத்துவர்களின் வாக்கியம். தேவகி மேடம் எழுதியிருந்தது: கடிபட்ட காலை அசைக்காதீர்கள்.

"கை எங்க?" என்றார் மேடம்.

தேவகி மேடம் தவறவிட்டிருப்பார் என்று ஒரு கணம் ஆறுதல் கொண்டு என் தமிழை எடுத்துப் பார்த்தேன். "கடிபட்ட காலை அசைக்காதீங்க" என்றுதான் நான் எழுதியிருந்தேன். என் மனத்தில் இருந்த பாம்பு எப்போதும் வரப்பில் நடப்பவரின் காலைக் கடிக்கும் பாம்பு. திண்டிவனத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு பாம்பு தெரியாது.

"மல்லாட்டை பிடுங்கறவங்க குனிஞ்சு கையாலதான மண்ணைத் தொடறாங்க?" என்றார் மேடம். "அவங்களுக்குக் கடி விழறது கையிலதான். கையில கடிபட்டுட்டு, இது காலுக்குத்தான்னு நினைச்சிக்கினு ஒருத்தங்க மிச்சக் கொல்லையையும் பிடுங்கிட்டுப் போயிருப்பாங்க."

"அப்ப தேறலைங்களா மேடம்?"

மேடம் திரும்பி என்னை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அடி போடி. சுப்புராயன் சாரா இருந்தா இந்த இடத்துல என்ன எழுதியிருப்பாரு?"

"உறுப்புன்னு எழுதியிருப்பாருங்க. கை, கால் ரெண்டும் அடங்கற மாதிரி."

"ஏழுக்கு ஏழு வந்திருக்கும். நாம சமோசா தின்னுக்கினு இருந்திருப்போம். இது ஆறுதான் வந்திருக்கு. எனக்கு இப்பத்தான் அந்த ஆறு மேல நம்பிக்கை வந்திருக்கு."

ஐந்தாம் வரியை மட்டும் மாற்றினேன்: "கடிபட்டது கையோ காலோ, அதை அசைக்காதீங்க." அந்த வரி தேவகி மேடத்துக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. கையும் இருந்தது, காலும் இருந்தது. கூடவே ஒரு செய்தி: "இவரு எட்டிப் பாக்கறாரு. முதுகைக் காட்டிக்கினு எழுதினேன்."

ஞாயிறு காலை மீண்டும் வல்லம் பக்கம். முன்பு கேட்டவர்களிடமே கேட்கக் கூடாது என்பதால் வேறு ஊர், வேறு கொல்லை. அன்று எங்களுக்குக் கிடைத்தவர்களில் வெண்ணிலா என்ற பெண் அவசரத்தில் இருந்தார். மாடு கட்டவிழ்ந்து போயிருந்தது. செய்தியை நின்றபடியே கேட்டார்.

"உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா."

"கயிறு கட்டாத, கீறாத, வாய வைக்காத. பாம்ப எவனும் தேடிக்கினு போவாத. கையோ காலோ, ஆட்டாம வச்சிக்கினு நூத்தியெட்டுக்கு அடிச்சி ஜல்தியா ஜி.எச்.சுக்குத் தூக்கினு போ. அவ்ளோதான?"

"அவ்ளோதாம்மா."

"இதுக்கா ரெண்டு பேரு வண்டி எடுத்துக்கினு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு மாட்டைத் தேடிப் போனார்.

அடுத்த நான்கு பேரும் வெவ்வேறு சொல்லில் அதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும் செய்தியில் இல்லாத ஒரு வசவையும் சேர்த்துச் சொன்னார். பங்கேற்பாளரின் சொந்த வார்த்தைகள் என்ற கட்டத்தில் அதையும் எழுதச் சொன்னார் மேடம். எழுதினேன். வண்டி கிளம்புமுன் மேலிடத்துக்கு அழைத்து, சென்னைக்கு எதையும் அனுப்ப வேண்டியதில்லை, இங்கே ஆள் இருக்கிறது என்றார். நான் வேறு பக்கம் பார்ப்பது போல் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நாலாயிரம் கைப்பேசிகள் ஒலித்தன. ஞாயிறு மாலையே ஒலிப்பதிவுக் கூடத்துப் பெண் ஒருவரின் குரலில் பதிந்திருந்தார்கள். சரியாகப் போகிறதா என்று அறிய எங்கள் வீட்டு எண்ணையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தேன். அம்மாதான் எடுத்தார்கள். காதில் வைத்து முழுவதும் கேட்டார்கள். அணைத்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி என் எதிரில் காபியை வைத்தார்கள்.

"யாரும்மா?"

"எவளோ ஒருத்தி. காலங்காத்தால, ஒரு வணக்கம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எடுத்த எடுப்புல அதைச் செய்யாத, இதைச் செய்யாதன்னு அதட்டறா. எழுதிக் கொடுத்தவங்களைச் சொல்லணும். பெத்தவங்க மரியாதை சொல்லிக் கொடுத்து வளக்கல போல."

என் கை காபிக் குவளையின் மேல் நின்றது.

"என்னம்மா செய்யக் கூடாதாம்? உன் வார்த்தையில சொல்லு."

"பாம்பு கடிச்சா கயிறு கட்டக் கூடாதாம். கையையும் ஆட்டக் கூடாது, காலையும் ஆட்டக் கூடாது, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணுமாம். ஏன், உனக்கெதுக்கு அது? ஆறுது, குடி."